தேதி போடாத அழைப்பு

கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜூஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடையில் ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு கடை உண்டு. உள்ளே ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், கண்ணாடிப் பெட்டிக்குள் ரீசார்ஜ் கார்டுகள், சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், மாதாவுக்குக் கீழே ஒரு செல்போன் கம்பெனியின் விளம்பரம். அந்தக் கடைக்குச் சொந்தக்காரி சகாயராணி.

அவளைப் பார்த்தால் ஏதோ பெரிய சோகத்தைச் சுமக்கிற பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிரித்த முகம், கொஞ்சம் பருத்த உடம்பு, காதில் சொருகிய பேனா. ரீசார்ஜ் செய்ய வருகிறவர்கள் நம்பரைச் சொல்லும்போது அவள் மனசு தன்பாட்டுக்கு ஓடும். இந்த மனுசன் இம்புட்டு காசு போட்டு யார்கிட்ட பேசுவாரு? இந்தப் பொண்ணு நம்பர் சொல்லும்போதே ஏன் வெட்கப்படுது? ஆனால் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காமலே யோசித்துக்கொண்டிருப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

அவளிடம் கறாரான ஒரு கொள்கையும் இருந்தது. தெரியாத நம்பரிலிருந்து யார் கேட்டாலும் தன் பெயரைச் சொல்லமாட்டாள். கடை போனின் எண் ஊருக்கெல்லாம் தெரிந்தது. பொம்பளை குரல் கேட்டதும் சும்மாவேனும் கூப்பிட்டு "நீங்க யாரு, எந்த ஊரு" என்று குழைகிற ஆண்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள். ஒருமுறை அவள் கணவன் இஞ்ஞாசிமுத்து திராட்சைத் தோட்டத்திலிருந்து மருந்தடித்த கையோடு கடைக்கு வந்தவர், அப்படி வந்த அழைப்பை எடுத்து, "ராணியம்மா வீட்டுக்காரன்தான் பேசுறேன், என்ன வேணும் மாப்ள?" என்றார். மறுமுனை அப்போதே செத்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி அவர் ஒரு வாரம் சிரித்தார்.

சிரித்த முகத்துக்குள்ளே ஓர் இடம் மட்டும் காலியாகவே இருந்தது. அந்த இடம் லத்திபாவுக்கு உரியது.

இருவரும் உத்தமபாளையத்தில் ஒரு மிஷன் பள்ளியில் படித்தார்கள். கம்பத்திலிருந்து காலை டவுன் பஸ். பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே சகாயராணி ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பச்சைக் கர்சீப்பை எறிந்து இரண்டு பேர் சீட்டில் இடம் போட்டுவிடுவாள். லத்திபா எப்போதும் கடைசி விசிலுக்குத்தான் வருவாள். அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் சகாயராணி சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆளு வருதுண்ணே."

பத்தாம் வகுப்பில், அரையாண்டு விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, லத்திபா வரவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் ஏசினார்கள். கண்டக்டர் திட்டினார். உத்தமபாளையம் வரைக்கும் அந்தப் பச்சைக் கர்சீப் மட்டும் உட்கார்ந்துகொண்டு வந்தது. சாயந்திரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பூட்டுத் தொங்கியது. மலைக்கு மேலே கேரளாப் பக்கம் போய்விட்டார்கள் என்பதைத் தவிர அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு வருடத்துக்கு ஒரு கதை வந்தது. குமுளியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். துபாயில் இருக்கிறாள் என்றார் இன்னொருவர். ஒரு பெருமழைக்குப் பின், மண் சரிந்து வீட்டோடு போய்ச் சேர்ந்தாள் என்றும் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் சகாயராணி ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்குவாள். ஏற்றமாட்டாள். ஏற்றாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஏன் என்று இஞ்ஞாசிமுத்து கேட்டதில்லை. அவருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், பங்குனி வெயிலில், வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் உமர் பாருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் இமானுவேலும் அவள் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மூன்று பேரும் ஒரே வகுப்பு. பழைய ஆட்களை எல்லாம் ஒருநாள் ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்று உமருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதை அப்போதே செய்துவிட வேண்டும், அதுதான் உமர்.

"ஒங்கிட்டதான் எல்லார் நம்பரும் இருக்கு. ஒரு மெசேஜத் தட்டிவிடு ராணி" என்றார்.

"என்னைக்குன்னு போட?"

உமர் இமானுவேலைப் பார்த்தார். இமானுவேல் ஜூஸ் கடையைப் பார்த்தார்.

முதலில் தேதி வேண்டும் என்றார் வாத்தியார். பரீட்சை முடிந்து மே மாதம்தான் தோதுப்படும். ஆனால் வீரபாண்டித் திருவிழாவில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. இடம் எது என்றால், வைகை அணைப் பூங்கா என்றார் உமர், படித்த பள்ளிக்கூடம் என்றார் இமானுவேல். மண்டபம் பிடிக்கலாமென்று போன் போட்டால், எத்தனை பேர் என்று மண்டபக்காரர் கேட்டார். எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால் தேதி சொல்ல வேண்டும். ஆளுக்கு எவ்வளவு என்பது சாப்பாட்டைப் பொறுத்தது. சாப்பாடு தலைக்கணக்கைப் பொறுத்தது. எதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று போடுவதற்கும் தேதி வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"மொதல்ல சேதியச் சொல்லுவோம். மத்தத பெறகு சொல்லிக்கலாம்" என்று உமர் முடித்துவிட்டார்.

மெசேஜைச் சகாயராணிதான் தட்டினாள். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். பாதிப் பேர் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். உத்தமபாளையம் மிஷன் பள்ளி பழைய பத்தாம் வகுப்பு பி பிரிவு மாணவர் சந்திப்பு, மே மாதம் நடத்த எண்ணம், தேதி, இடம், தொகை, பதில் சொல்லக் கடைசி நாள் எதுவும் முடிவாகவில்லை, முடிவானதும் சொல்வோம், வர விருப்பமா என்று மட்டும் பதில் போடவும். கீழே, இப்படிக்கு என்று மூன்று பேரின் பெயர்.

போன் அதை இரண்டு மெசேஜ் என்று காட்டியது. ஒரு மெசேஜுக்கு நூற்றறுபது எழுத்துத்தான். இரண்டாகப் போனால் பாதியைப் படித்துவிட்டுப் பாதியை விட்டுவிடுவார்கள் என்று இமானுவேல் பயந்தார். ஒவ்வொரு சொல்லாக வெட்டினார்கள். அப்படியும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பேர எடுத்துரு" என்றார் உமர். "ஒன் நம்பரத் தெரியாதவன் இந்தக் கம்பத்துல எவன் இருக்கான்?"

பெயர்களை எடுத்ததும் ஒரே மெசேஜுக்குள் அடங்கிவிட்டது. ஒரு தடவைக்குப் பத்துப் பேராக அனுப்பினாள். மூன்று பேரும் ஆளுக்கொரு சாத்துக்குடி ஜூஸ் குடித்தார்கள், ஏதோ கல்யாணத்தையே நடத்தி முடித்த மாதிரி.

பதில்கள் அவள் ஒருத்தி போனுக்குத்தான் வந்தன. யார் என்ன சொன்னார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லோரும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டார்கள். தேவாரத்திலிருந்து பலவேசம், எந்த நாளானாலும் நான் ரெடி என்றான். மார்க்கையன்கோட்டையில் நெல் வியாபாரம் செய்யும் சுருளியாண்டியும் அதையே சொன்னான். எந்த நாளானாலும் சரி என்று சொன்னவர்கள்தான் அதிகம். கேட்க இனிமையாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்குள் அதே வகுப்பில் படித்த பேச்சிமுத்து ஒரு கூத்து நடத்திவிட்டான். கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் அவன். டீக்கடையில் உமர் "வைகை அணை" என்று பேசியதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெண்டாட்டி பிள்ளைகளோடு, தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு, அணைப் பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் போன் வந்தது.

"ஏ ராணி, எங்கன இருக்கீக எல்லாரும்? நான் வந்து ரெண்டு மணி நேரமாச்சு. ஒரு பயலக் காணோம்."

"எங்கடா வந்திருக்க?"

"டேமுலதான். யானச் சிலைகிட்ட."

அவள் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்துவிட்டார். தேதியே வைக்கவில்லை என்று அவனுக்குப் புரியவைத்தாள். பேச்சிமுத்து, "சரி, புளிச்சோறு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த வாரம்தான் அந்தப் பதில் வந்தது. தெரியாத நம்பர். கேரளா நம்பர். அவள் அனுப்பிய ஆட்களில் அப்படி ஒரு நம்பரே இல்லை. ஒரே ஒரு சொல்: "தேதி?"

யாராயிருக்கும்?

மலைக்கு மேலே போய்வருகிறவன் என்பதால் பேச்சிமுத்துவைக் கேட்டாள். தன் போனில் இருந்த எல்லோருக்கும் அவள் மெசேஜை அனுப்பிவிட்டதாகவும், அவர்கள் வேறு யாருக்கு அனுப்பினார்களோ என்றும் சொன்னான். அதை வாங்கியவர்கள் அவனிடம்தானே பதில் கேட்டிருக்க வேண்டும் என்றாள். அவனுக்கு வெட்கம். "என்னையக் கேட்டா எனக்கென்ன தெரியும்? அதான் கடைசில ஒன் நம்பரச் சேத்துவிட்டேன்" என்றான்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டபோது யாரோ துண்டித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ்: "நீங்க யாரு?"

சகாயராணியின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவள் வெறுக்கிற அதே கேள்வி. எத்தனை முறை, எத்தனை நம்பரிலிருந்து வந்திருக்கிறது! பெயரைச் சொல்லாமல், "கூடப் படிச்சவங்க. நீங்க யாரு?" என்று திருப்பிப் போட்டாள். பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே ஒற்றைச் சொல் வந்தது. "தேதி?"

எவனோ வம்புக்காரன், விடு என்றார் உமர். இமானுவேலும் தலையாட்டினார். ஆனால் அவளால் விட முடியவில்லை. வம்புக்காரன் தேதியை ஏன் கேட்கிறான்? அவன் பெயரைக் கேட்பான், வயசைக் கேட்பான், சாப்பிட்டாச்சா என்பான். இந்த ஆள் தேதியை மட்டும் கேட்கிறது. எந்த நாளானாலும் சரி என்று சொல்லமுடியாத ஓர் ஆள். வேலைக்கு லீவு கேட்க வேண்டிய ஆள், இல்லை யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டிய ஆள். அதுவும் மலைக்கு மேலே. ஆசைப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு எத்தனை மெழுகுவர்த்தியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள்!

ஒரு பகல் வேளையில், கடையில் கூட்டமில்லாதபோது, தான் அனுப்பிய மெசேஜைத் திறந்து படித்துப் பார்த்தாள். தன்னுடையது என்று எண்ணாமல், மலைக்கு மேலே எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கைக்கு வந்ததாக எண்ணிப் படித்தாள். அப்போதுதான் உறைத்தது. தேதி இல்லை, இடம் இல்லை, தொகை இல்லை, இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பெயரில்லாத ஒருவர் தேதியில்லாத ஒரு நாளில் இடமில்லாத ஓர் இடத்துக்கு வரச் சொல்கிறார். பெயரைச் சொல்ல அவளே பயப்படும்போது, அந்தப் பெண் மட்டும் எப்படிச் சொல்லுவாள்?

இஞ்ஞாசிமுத்து அன்று மத்தியானச் சோறு கொண்டுவந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தூக்குச்சட்டியைத் திறந்தபடி, "ரெண்டு பேரும் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு நீ தொற, நீ தொறன்னா எப்பிடி? ஒருத்தி தொறங்க. வம்புக்காரனா இருந்தா நான் பேசிக்கிறேன்" என்றார்.

அவள் போனை எடுத்தாள். நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் தட்டினாள்: "நான் சகாயராணி. பச்சக் கர்சீப் போட்டு எடம் பிடிச்சவ."

அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மெசேஜ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் சொன்னது. சேர்ந்த பிறகும் மௌனம் என்றால், அது லத்திபா இல்லை. சகாயராணி ரீசார்ஜ் செய்யும்போது நம்பரைத் தப்பாக அடித்தாள். ஒரு கிழவரின் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டு நகலை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் அந்த நம்பரிலிருந்து அழைப்பே வந்தது. எடுத்தாள். மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம். அது நின்றது. அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"ராணி..."

கடைக்கு வெளியே பஸ்கள் ஹாரன் அடித்தன. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"அன்னைக்கு நீ எடம் போட்டு வச்சியா?" என்று கேட்டது அந்தக் குரல்.

"வச்சிருந்தேன். பாளையம் வரைக்கும் வச்சிருந்தேன்."

இரண்டு பேரும் அழுதார்கள். வெகுநேரம் பேச்சே இல்லாமல் போன் காசைத் தின்றுகொண்டிருந்தது. ரீசார்ஜ் கடைக்காரிக்கு அதைப் பற்றி அன்று கவலையில்லை.

விஷயம் ரொம்பச் சின்னதாக இருந்தது. லத்திபாவின் அத்தாவுக்கு மலைக்கு மேலே கட்டப்பனையில் ஒரு கடை ஒற்றிக்குக் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை சேதி, ஞாயிற்றுக்கிழமை லாரி. சொல்லிவிட்டுப் போக வந்தபோது சகாயராணியின் குடும்பம் கோயிலுக்குப் போயிருந்தது. அவ்வளவுதான். இப்போது அவள் கட்டப்பனையில் தையல் கடை வைத்திருக்கிறாள். தோட்ட வேலைக்கு வரும் ஒரு பெண், ஜாக்கெட் தைக்க வந்தபோது இந்த மெசேஜைக் காட்டியிருக்கிறாள். பாளையம் பள்ளி, பி பிரிவு என்று பார்த்ததும் நம்பரை அளவுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டாளாம். யார் அனுப்பியது என்று தெரியாமல் பெயரைச் சொல்லப் பயமாம். கர்சீப் மெசேஜ் வந்த பிறகோ, போனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாளாம். பேசினால் அழுதுவிடுவோம் என்று.

"சாரமில்ல, அது போகட்டும். தேதியச் சொல்லு மொதல்ல" என்றாள் லத்திபா. "எங்க பக்கம் ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும். மே பாதிக்கு மேல யூனிபாரம் தச்சு முடியாது, தல நிமிர முடியாது எனக்கு. மொத ஞாயித்துக்கெழமன்னா வருவேன். இல்லைன்னா அடுத்த வருசந்தான்."

அன்று சாயந்திரமே உமரையும் இமானுவேலையும் கடைக்கு வரச்சொன்னாள். முதல் ஞாயிறு என்றாள். உமர் தேவாரத்தில் சின்னம்மா மகன் நிக்காஹ் இருக்கிறதே என்று இழுத்தார். ஒருத்திக்காக எல்லோருக்கும் தேதி வைக்கலாமா என்றார் இமானுவேல்.

சகாயராணி காதிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். "எந்த நாளுன்னாலும் வர்றேன்னு சொன்னவுக எந்த நாளுன்னாலும் வருவாக, வாத்தியாரே. இந்த ஒரு நாளுதான்னு சொன்னவ வேற நாளு வரமாட்டா. அப்ப யாரக் கேட்டு நாளு வைக்கணும்?"

இமானுவேல் அந்தப் பேனாவை எடுத்து உள்ளங்கையில் தேதியைக் குறித்துக்கொண்டார். உமர் தாடியைத் தடவிக்கொண்டே, "நிக்காஹ் காலையிலதான். நான் சாப்பாட்டுக்கு வந்துர்றேன். பிரியாணிய மட்டும் முடிச்சுராதீக" என்றார்.

தேதி விழுந்ததும் மற்றவை தானாக விழுந்தன. கட்டப்பனைக்காரியும் தேவாரத்துக்காரனும் அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டும், ஆகவே வைகை அணை கிடையாது, பள்ளிக்கூடம்தான். விடுமுறையில் வகுப்பறை சும்மாதான் கிடக்கும், அனுமதி வாங்குவது வாத்தியார் பொறுப்பு. மண்டபம் இல்லை என்றதும் ஆளுக்குச் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் என்று ஆனது. சமையல்காரருக்கு ஒரு வாரம் முன்னால் தலைக்கணக்கு வேண்டும். அதுவே பதில் சொல்லக் கடைசி நாள்.

இரண்டாவது மெசேஜ் இரண்டாக உடைந்துதான் போனது. யாரும் எதையும் வெட்டவில்லை. முதல் சொல்லே, "நான் சகாயராணி."

மே மாதம் முதல் ஞாயிறு. முதல் பூசைக்கே போய்வந்துவிட்டு, சகாயராணி கம்பம் பஸ் நிலையத்தில் நின்றாள். கட்டப்பனை பஸ் வரவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. மலையில் ஏதோ லாரி பழுதாகி வழியில் நிற்கிறது என்றார்கள். பாளையம் டவுன் பஸ் உள்ளே திரும்பியது. முப்பத்தெட்டு வயசுப் பெண், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் வழியாக ஒரு பச்சைக் கர்சீப்பை எறிந்தாள். கூட்டத்தோடு ஏறி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பெரியவர் வந்து கர்சீப்பைக் காட்டி, காலியா என்றார்.

"ஆளு வருதுண்ணே" என்றாள். இந்தச் சொல்லை அவள் கடைசியாகச் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அவள் நிலையத்து வாசலையே பார்த்தாள். முதல் விசில் அடித்தது. அப்போதுதான் கட்டப்பனை பஸ் புழுதியோடு உள்ளே வந்தது. அதிலிருந்து யார் யாரோ இறங்கினார்கள். எல்லோரும் அந்நியர்கள். கண்டக்டர் கடைசி விசிலை அடித்தார். பஸ் நகரத் தொடங்கியது. அவள் எழுந்து நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள்.

பின்படிக்கட்டில் ஒரே சலசலப்பு. ஓடி வந்து ஏறிய யாரையோ கண்டக்டர் திட்டினார். ஆட்களை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, முக்காடு நழுவ ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. சீட்டில் கிடந்த பச்சைக் கர்சீப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பஸ் புதுப்பட்டியைத் தாண்டும்வரை இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் லத்திபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டி, பேரும் போடாம தேதியும் போடாம ஊருக்கே மெசேஜ் அனுப்புனவ நீதானா?"